வீடு 96, ஓட்டு 131: டெலிகிராம் பாட் எங்கே கோட்டை விட்டது?

செந்தில்_செங்காங்
சிங்கப்பூரில் எங்கள் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் 96 யூனிட். பார்பிக்யூ அடுப்புப் பக்கத்தை இரவு 10 மணிக்கு மூடுவதா, 11 வரை திறந்து விடுவதா என்று பல மாதமாக இழுபறி. இரண்டாம் மாடிக்காரர்களுக்குப் புகையும் சத்தமும் நேராக சன்னலுக்குள் வருகிறது. மேல் மாடிக்காரர்களோ வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அடுப்பு பற்ற வைக்கவே 9 ஆகிவிடுகிறது என்கிறார்கள். கவுன்சில் ஆட்கள், "முதலில் குடியிருப்பவர்களைக் கேட்போம்" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பைத்தான் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

டெலிகிராம் குழுவில் தானாக இயங்கும் ஒரு பாட் புரோகிராம் மூலமாக ஓட்டுக் கேள்வி, அதாவது போல், போட்டேன். 11 மணிக்கு 73, 10 மணிக்கு 58 என்று முடிவு வந்தது. அதைப் போட்ட ஐந்தாவது நிமிடம் இரண்டாம் மாடி அக்கா ஒருவர், "தம்பி, புதிதாக 35 வீடு எப்போது கட்டினார்கள்?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்தால் 131. மானம் போயிற்று.

இரண்டு கேள்வி. இந்த 131-இலிருந்து இரட்டை ஓட்டை மட்டும் பிரித்து எடுக்க வழி உண்டா? இல்லை என்றால், அடுத்த தடவை வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று எப்படிக் கட்டுப்படுத்துவது?

ரவி_ஈசூன்
ரொம்ப எளிது ப்ரோ. டெலிகிராமில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எண் இருக்கிறது. யூசர்நேமை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். `user.id` மாறாது. அதை வைத்து ஒரு கணக்குக்கு ஒரு ஓட்டு என்று வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அமுதா
`user.id` பற்றி ரவி சொன்னது சரி. ஆனால் போலில் ஒரு கணக்கு ஒரு ஓட்டுத்தான் போட முடியும் என்பதை டெலிகிராமே பார்த்துக்கொள்கிறது. 131 என்பது 131 கணக்குகள். உங்கள் கேள்வி கணக்கைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது. கணவன் ஒன்று, மனைவி ஒன்று, தேசிய சேவையில் இருக்கும் மகன் ஒன்று போட்டால் மூன்றுமே நேர்மையான ஓட்டு. வீடு மட்டும் ஒன்று. போதாததற்கு ஒரே போனில் இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு.

செந்தில், ஒன்று சொல்லுங்கள். போல் அனுப்பும்போது `is_anonymous` என்பதை `False` என்று வைத்தீர்களா? எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அது பெயர் தெரியாத போல். அப்படியானால் பாட்டுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும். யார் எதற்குப் போட்டார் என்று சொல்லும் `poll_answer` வரவே வராது. பிறகு அதை எங்கேயும் தோண்டி எடுக்க முடியாது.

செந்தில்_செங்காங்
எழுதாமல்தான் விட்டேன் அக்கா. ஆக 131 அவ்வளவுதான், குப்பை.

இன்னொரு கூத்து. இன்று காலை விசாரித்ததில் யாரோ அந்தப் போலைத் தங்கள் பேட்மின்டன் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள். அங்கே பாதிப் பேர் எங்கள் கொண்டோவே இல்லை. அவர்கள் போட்டதும் இதில் சேர்ந்திருக்குமா?

அமுதா
சேரும். ஃபார்வர்ட் செய்தாலும் அது நீங்கள் போட்ட ஓட்டுக் கேள்வியேதான், நகல் அல்ல. அனுப்பும்போது `protect_content` வைத்திருந்தால் ஃபார்வர்ட் செய்ய விடாது. ஆனால் அதைச் செய்தாலும் வீட்டுக்கு ஒன்று என்பது வராது. போலையே மறந்துவிடுங்கள்.

ஜெயந்தி_கிளமெண்டி
நான் எங்கள் கொண்டோவில் நான்கு வருடம் கவுன்சிலில் இருந்தேன். நீங்கள் எல்லாரும் அடிப்படையிலேயே தப்பாகப் பேசுகிறீர்கள். வீட்டுக்கு ஒன்று என்பது எப்போதும் பொருந்தாது. பொதுக்கூட்டத்தில் முறையான வாக்கெடுப்பு கேட்டால் யூனிட்டின் பங்கு மதிப்பை வைத்துத்தான் எண்ண வேண்டும். பெரிய யூனிட்டுக்கு மதிப்பு அதிகம். பைலாவை மாற்ற வேண்டும் என்றால் சிறப்புத் தீர்மானம், 75 விழுக்காடு வேண்டும், முறையாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். டெலிகிராம் பாட் முடிவை எடுத்துக்கொண்டு போனால் யாராவது ஒருவர் வழக்கு என்று கிளம்பினால் நிற்காது.

செந்தில்_செங்காங்
ஜெயந்தி அக்கா, இது பொதுக்கூட்ட ஓட்டு இல்லை. கவுன்சில் முடிவெடுக்கும் முன் நாடி பிடித்துப் பார்ப்பது மட்டும்தான். அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

ஜெயந்தி_கிளமெண்டி
அப்படியென்றால் சரி. ஆனால் நோட்டீஸில் "கருத்துக் கேட்பு" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். "வாக்கெடுப்பு" என்று போட்டால் நாளைக்குச் சண்டை.

பிடோக்_மாமா
எங்கள் கதையைக் கேளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக். பெயிண்ட் நிறம் பற்றி அண்டை வீட்டார் கருத்தைக் கேட்கலாம் என்று நாங்களாக ஒரு ஆன்லைன் படிவம் போட்டோம். யூனிட் எண்ணை அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே வீட்டிலிருந்து அம்மா `#03-07` என்று போட்டார், பிள்ளை `3-07` என்று போட்டான், மருமகள் `03-7` என்று போட்டாள். எக்செல் மூன்றையும் மூன்று வீடாக எடுத்துக்கொண்டது. நானும் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேப்பரில் கோடு போட்டு எண்ணினோம். அந்த எண்ணிக்கையைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அமுதா
மாமா சொன்னதுதான் இதன் மையம். யூனிட் எண்ணை மக்கள் தட்டச்சு செய்ய விட்டால் இரண்டு கேடு. ஒன்று, எழுதும் விதம் மாறும். அதைப் புரோகிராமில் சரிசெய்யலாம், பெரிய விஷயம் இல்லை. மற்றது, பக்கத்து வீட்டு எண்ணை யார் வேண்டுமானாலும் போடலாம். அதை எந்தப் புரோகிராமும் பிடிக்காது. அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பதற்கு ஏதோ ஒரு அடையாளம் வேண்டும். நம் ஊரில் அதற்கு மலிவான வழி லெட்டர்பாக்ஸ். அதன் சாவி அந்த வீட்டாரிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் செய்தது இப்படி. யூனிட்டுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குறியீடு, கூடவே அதே குறியீடு உள்ள கியூஆர். கியூஆரில் இருப்பது பாட்டின் இணைப்புதான்:

```
https://t.me/உங்கள்_பாட்_பெயர்?start=K7PM2XQ9
```

போனைக் காட்டினால் டெலிகிராம் திறக்கும், ஸ்டார்ட்டை அழுத்தியதும் பாட்டுக்கு `/start K7PM2XQ9` என்று தனி உரையாடலில் வரும். குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிறகு பாட் இரண்டு பொத்தானைக் காட்டும், ஒன்றை அழுத்த வேண்டியதுதான்.

குறியீட்டை உருவாக்கும்போது ஒன்று கவனம். நான் முதல் தடவை யூனிட் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரு சூத்திரத்தால் எழுத்துக் குவியலாக மாற்றி, முதல் எட்டு எழுத்தை எடுத்தேன், புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு. என் கணவர் பார்த்துச் சிரித்தார். இருப்பதே நூறு சொச்சம் யூனிட், எந்த ஹாஷ் என்று ஊகித்துவிட்டால் எல்லா வீட்டுக் குறியீட்டையும் ஒரு நொடியில் போட்டுவிடலாம். யூனிட் எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்க வேண்டும்:

```python
import secrets
ABC = "ABCDEFGHJKMNPQRSTUVWXYZ23456789"
code = "".join(secrets.choice(ABC) for _ in range(8))
```

I, L, O, 0, 1 வேண்டுமென்றே இல்லை. கியூஆர் வேலை செய்யாமல் கையால் அடிப்பவர்கள் குழம்பக்கூடாது. மீதி 31 எழுத்து, எட்டு இடம், ஏறக்குறைய 85,000 கோடி சேர்க்கை. அதில் செல்லுபடியாவது 96. குருட்டாம்போக்கில் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது.

செந்தில்_செங்காங்
அக்கா, சீட்டு யோசனைப்படி எழுதிவிட்டேன். வீட்டில் மூன்று பேர் ஆளுக்கொரு சீட்டு வைத்துச் சோதித்தோம். முடிவு 4! என் புரோகிராம் வரிகள் இவைதான்:

```python
if not already_voted(slip):
    save(slip, choice)
    total[choice] += 1
```

போட்டாரா என்று பார்த்துவிட்டுத்தானே சேர்க்கிறேன், எப்படி இரண்டு தடவை ஏறும்? என் மகள், "பொத்தான் சுற்றிக்கொண்டே இருந்தது, அதனால் மறுபடி அழுத்தினேன்" என்கிறாள்.

அமுதா
உங்கள் மகள் பாதி விடையைச் சொல்லிவிட்டாள். பொத்தானை அழுத்தியதும் பாட் `answerCallbackQuery` என்று பதில் சொல்லும்வரை டெலிகிராம் சுற்றலைக் காட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் அதை அழைக்கவில்லை, அல்லது எல்லா வேலையும் முடிந்த பிறகு அழைக்கிறீர்கள். சுற்றினால் ஜனம் மறுபடி அழுத்தும். முதல் வேலையாக அதை அழையுங்கள்.

மற்ற பாதி, பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி. முதல் அழுத்தல் "போட்டாரா?" என்று கேட்கிறது, இல்லை என்று பதில். அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது அழுத்தலும் அதே கேள்வியைக் கேட்கிறது, அதற்கும் இல்லை என்றே பதில். இரண்டும் உள்ளே போய்விட்டன. ஒருவர் ஒரே தடவை அழுத்தினாலும் இது நடக்கும். டெலிகிராம் செய்தியை உங்கள் சர்வருக்கே அனுப்பும் வெப்ஹுக் வைத்திருந்து, சர்வர் ஒழுங்காகப் பதில் தரவில்லை என்றால் அது அதே செய்தியை மறுபடி அனுப்பும்.

ஆகவே தடுக்கிற வேலையை `if`-இடம் கொடுக்காதீர்கள், டேட்டாபேஸிடம் கொடுங்கள்:

```sql
CREATE TABLE votes (
  poll_id INTEGER NOT NULL,
  slip    TEXT NOT NULL,
  choice  TEXT NOT NULL,
  PRIMARY KEY (poll_id, slip)
);

INSERT INTO votes VALUES (?, ?, ?)
ON CONFLICT (poll_id, slip)
DO UPDATE SET choice = excluded.choice;
```

ஒரு சீட்டுக்கு இரண்டாவது வரி பிறக்கவே முடியாது. பத்துத் தடவை அழுத்தினாலும் அதே வரிதான் திருத்தப்படும். `total` என்ற கவுன்ட்டரைத் தூக்கி எறியுங்கள். தனியாக ஒரு எண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அது என்றைக்காவது அட்டவணையிலிருந்து விலகும், எப்போது விலகியது என்று தெரியாது. முடிவு வேண்டும்போது வரிகளை எண்ணுங்கள்:

```sql
SELECT choice, COUNT(*) FROM votes
WHERE poll_id = 1 GROUP BY choice;
```

ரவி_ஈசூன்
இதில் கடைசியாக அழுத்தியதுதான் நிற்கிறது. அது சரியா? அப்பா 10 மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போனதும், மகன் அதே சீட்டை எடுத்து 11 என்று மாற்றிவிடுவான். முதலில் போட்டதுதான் செல்லும் என்று வையுங்கள். `DO UPDATE`-க்குப் பதில் `DO NOTHING` போதும்.

அமுதா
அப்படி வைத்தால் சீட்டை முதலில் கண்டவர் ஜெயித்தார். லெட்டர்பாக்ஸைத் திறப்பது மகனாக இருந்தால் அப்பாவுக்கு வாய்ப்பே கிடையாது. எனக்குக் கடைசி ஓட்டுத்தான் பிடிக்கும், கை தவறி அழுத்தியவர் திருத்திக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் சண்டையைப் பாட் தீர்க்காது.

ரவி_ஈசூன்
எனக்கு இன்னும் முதல் ஓட்டுதான். திருத்த வேண்டும் என்றால் அலுவலகத்துக்கு நேரில் வரட்டும். அல்லது சீட்டோடு அடையாள அட்டை எண்ணையும் கேட்டுவிடுங்கள், மகன் விளையாட முடியாது.

ஜெயந்தி_கிளமெண்டி
அதை மட்டும் செய்யாதீர்கள். 2019 செப்டம்பர் 1-லிருந்து, சட்டப்படியோ ஆளை மிகத் துல்லியமாக அடையாளம் காணவோ தேவை இல்லாத இடங்களில் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது. பார்பிக்யூ அடுப்புக்கு அதைக் கேட்டு, அது செந்தில் வீட்டுக் கணினியில் கிடப்பது நல்லதற்கில்லை.

மீனா_வாடகை
நான் வாடகைக்கு இருப்பவள். புகை என் வரவேற்பறைக்குத்தான் வருகிறது. வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில். சீட்டு லெட்டர்பாக்ஸில் விழுந்தால் என் கைக்கு வரும், நான் போடலாமா கூடாதா?

ஜெயந்தி_கிளமெண்டி
பொதுக்கூட்டம் என்றால் நீங்களாகப் போட முடியாது, உரிமையாளர் பதிவேட்டில் இருப்பவர் அல்லது அவர் எழுதிக் கொடுத்த பிரதிநிதிதான். கருத்துக் கேட்பு என்றால் கவுன்சில் முடிவு செய்யட்டும். ஆனால் முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும்.

பிடோக்_மாமா
தம்பி செந்தில், எனக்கு ஒரு சந்தேகம். எந்தச் சீட்டு எந்த வீட்டுக்குப் போயிற்று என்று உனக்குத் தெரியும். அப்படியென்றால் நான் எதற்குப் போட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். நாளைக்கு லிஃப்டில் உன்னைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்காதா?

அமுதா
மாமா சரியான இடத்தில் கை வைத்தார். வழி உண்டு. குறியீடு எந்த யூனிட்டுக்கு என்ற பட்டியல் கொண்டோவை நிர்வகிக்கும் மேனேஜிங் ஏஜென்டிடம் மட்டும் இருக்கட்டும். செந்திலின் பாட்டில் குறியீடும் தேர்வும் மட்டும். அதனால்தான் மேலே அட்டவணையில் `unit` என்று எழுதாமல் `slip` என்று எழுதினேன். முடிந்ததும் பயன்பட்ட குறியீடுகளைத் தேர்வு இல்லாமல் ஏஜென்டிடம் கொடுங்கள். அவர் "ஓட்டு வந்த யூனிட்டுகள்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். நான் போடவே இல்லையே என்று யாராவது வந்தால் அப்போது தெரியும், வேறு எவனோ அவர்கள் சீட்டை எடுத்தான் என்று. இது இல்லாமல் சீட்டுத் திருட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சீட்டுத் தொலைந்தது என்று வந்தால் பழைய குறியீட்டையும் அதில் விழுந்த ஓட்டையும் முதலில் ரத்து செய்துவிட்டுத்தான் புதியது கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் அந்த வீட்டுக்கு இரண்டு ஓட்டு.

ஒரு குறை மிச்சம். அழுத்துகிறவரின் டெலிகிராம் கணக்குப் பாட்டுக்குத் தெரியும், பெயரும் படமும் உட்பட. நான் அதைச் சேமிப்பதில்லை. ஆனால் சேமிக்கவில்லை என்பதற்கு என் வாய்வார்த்தைதான் சான்று.

பிடோக்_மாமா
அதைத்தான் நானும் கேட்டேன்.

செந்தில்_செங்காங்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 96 சீட்டு, ஏஜென்ட் அலுவலகப் பெண்மணி உறையிலிட்டு லெட்டர்பாக்ஸில் போட்டார். வாடகைக்காரர்களும் போடலாம் என்று கவுன்சில் முதலிலேயே ஒட்டிவிட்டது. பத்து நாள் திறந்து வைத்தோம்.

71 சீட்டு வந்தது. 10 மணிக்கு 39, 11 மணிக்கு 32. முதல் தடவை 11 மணி ஜெயித்ததே, இப்போது தலைகீழ். அடுப்பு பற்ற வைக்கும் வீடுகளில் ஆள் அதிகமா, அல்லது பேட்மின்டன் குழுவின் கைங்கரியமா தெரியவில்லை.

பட்டியலை ஒட்டிய மறுநாள் இரண்டு வீட்டார் வந்தார்கள். ஒருவர், போடவே இல்லை, பட்டியலில் எப்படி என்றார். விசாரித்தால் வீட்டுப் பணிப்பெண் உறையைப் பிரித்து, விளம்பரம் என்று நினைத்துக் கியூஆரில் போனைக் காட்டி, வந்த பொத்தானையும் தட்டிப் பார்த்திருக்கிறார். மற்றவர் வெளிநாட்டு உரிமையாளர், வாடகைக்காரர் போட்டது செல்லாது என்று மின்னஞ்சல்.

அமுதா
வித்தியாசம் 7. அந்த இரண்டு ஓட்டும் 10 மணிக்கு விழுந்து, இரண்டும் 11-க்கு மாறினாலும் 37க்கு 34. முடிவு மாறாது. சந்தேகத்துக்குரியது நான்காக இருந்தால்தான் 35க்கு 36 என்று கவிழும். இந்தக் கணக்கை அப்படியே கவுன்சிலுக்கு எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு ஓட்டு எதற்கு விழுந்தது என்று யாரும் திறந்து பார்க்கத் தேவையில்லை.

ரவி_ஈசூன்
பணிப்பெண் தட்டியதும் வீட்டுக்காரர் மறுபடி தட்டி மாற்றியிருக்கலாமே? அப்போது கடைசி ஓட்டு உதவியிருக்கும். சரி, அரை மார்க் உங்களுக்கு.

மீனா_வாடகை
25 வீடு போடவே இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

செந்தில்_செங்காங்
அதில் ஒன்பது காலி வீடு என்று ஏஜென்ட் சொன்னார். மீதி 16-இல் எத்தனை பேரிடம் டெலிகிராமே இல்லை என்று கணக்கில்லை. ஏழாம் மாடிப் பாட்டி சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து, "இதை எங்கே போடணும்?" என்று பெட்டியைத் தேடினாராம். அவருக்காக அடுத்த தடவை அலுவலகத்தில் ஒரு டேப்லெட் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குறியீட்டை அடித்துப் போட ஒரு சின்னப் பக்கம் எழுத வேண்டும். அதுவும் அதே அட்டவணையில்தான் போய் விழ வேண்டும், இல்லையா அக்கா?

அமுதா
அதே அட்டவணை, அதே `PRIMARY KEY`. தனி அட்டவணை போட்டுப் பிறகு கூட்டினால் மறுபடி 131.